இறுதிச் சடங்குச் செலவைக் குடும்பக் குழுவில் கேட்பது எப்படி?

"அப்பாவின் இறுதிச் சடங்குச் செலவையும் வேலைகளையும் சொந்தக்காரர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். வாட்ஸப் குழுவில் சண்டை வராமல் எப்படிக் கேட்பது?"

குழுவில் எழுதும் முன் கூடப்பிறந்தவர்களிடம் போனில் பேசிவிடுங்கள். பணத்தைவிட 'என்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டார்கள்' என்ற வருத்தம்தான் பெரும்பாலும் சண்டையாகிறது. பெரிய செலவு எதையும் செய்துவிட்டுப் பங்கு கேட்காதீர்கள், முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரே செய்தியாக இப்படிப் போடலாம்:

"வண்டிக்கும் மயானக் கட்டணத்துக்கும் நான் கொடுத்துவிட்டேன், ரசீது கீழே இருக்கிறது. சாப்பாட்டுச் செலவு பாக்கி. முடிந்த தொகையை நாளை மாலைக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். முடியாவிட்டாலும் பரவாயில்லை."

'தனியாக' என்ற சொல் முக்கியம். யார் எவ்வளவு என்று குழுவில் பட்டியல் போட்டால், கையில் பணமில்லாதவர் கூனிக் குறுகிப்போவார், அல்லது கோபப்படுவார். கடைசியில் மொத்த வரவு செலவை மட்டும் போடுங்கள், போதும்.

வேலைகளைப் பகிர்ந்துகொள்ளக் கேட்பது இதற்கு நேர்மாறு. "யாராவது பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். "சித்தப்பா, காலை 7 மணிக்கு வருகிறவர்களை ஸ்டேஷனில் கூட்டிவர முடியுமா?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பணம் தர முடியாதவருக்கும் இதில் ஒரு பங்கு கிடைக்கும்.

படித்துவிட்டுப் பதில் போடாதவரைக் குழுவில் குத்திக் காட்டாதீர்கள்; போன் செய்யுங்கள்.