மூன்று சங்கிலி, ஒரு தராசு, ஒரு டம்ளர் தண்ணீர்

"ஐயா, மாமியார் இறந்த பிறகு அவர் பெட்டியில் மூன்று மஞ்சள் சங்கிலிகள் கிடைத்தன. ஒன்று அமெரிக்காவிலிருந்து நாத்தனார் கொடுத்தது. எது தங்கம், எது கவரிங் என்று கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா? காந்தம் வைத்துப் பார்த்தேன், மூன்றுமே ஒட்டவில்லை."

காந்தத்தில் ஒட்டாததை வைத்து ஒரு முடிவுக்கும் வர வேண்டாம். கவரிங்கின் அடியில் இருப்பது பெரும்பாலும் செம்போ பித்தளையோதான். இரண்டையும் காந்தம் இழுக்காது. நல்ல தங்கச் சங்கிலியிலேயே கொக்கிக்குள் இரும்பு ஸ்பிரிங் இருந்தால் அந்த இடம் மட்டும் ஒட்டும். வினிகர், எலுமிச்சை, பீங்கானில் உரசுவது எல்லாம் வேண்டாம். மேலே இருக்கும் முலாமும் தங்கம்தான், அதனால் அதுவும் தங்கம் போலவே நடந்துகொள்ளும். நகையில் கீறல் விழுவதுதான் மிச்சம்.

எளிதில் ஏமாற்ற முடியாதது எடைதான். ஒரு கன சென்டிமீட்டர் 22 கேரட் தங்கம் ஏறக்குறைய 17.7 கிராம் இருக்கும். பித்தளை எட்டரை, செம்பு ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு. அதாவது பாதிதான்.

இதற்கு 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும். காய்கறி நிறுக்கும் தராசு உதவாது. முதலில் சங்கிலியை அப்படியே நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, பொத்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். சங்கிலியை மெல்லிய நூலில் கட்டி, முழுதும் மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ படாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் அதன் கன அளவு. முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும்.

உதாரணத்துக்கு, ஒரு சங்கிலி 16.20 கிராம், தண்ணீரில் 0.92 என்றால் 17.6. அது 22 கேரட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொன்று 12.40, தண்ணீரில் 1.42 என்றால் 8.7. அது தங்கமில்லை.

கணுக்களுக்குள் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கன அளவு கூடி, நல்ல தங்கமும் குறைவாகக் காட்டும். தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டு, சங்கிலியை நன்றாக அலசிவிட்டு மறுபடி நிறுத்துப் பாருங்கள். மூன்று தடவை செய்து ஒரே விடை வந்தால் நம்பலாம். கல் பதித்தது, உள்ளே அரக்கு அடைத்தது, உள்கூடானது ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு சரிப்படாது. சின்னத் தோட்டுக்கும் சரிவராது. கன அளவு அவ்வளவு குறைவாக இருக்கும்போது தராசின் சிறு பிழையே விடையை மாற்றிவிடும். 22 கேரட்டா 20 கேரட்டா என்றும் இதில் துல்லியமாகப் பிரிக்க முடியாது.

அமெரிக்கச் சங்கிலியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அங்கே 'கோல்டு ஃபில்டு' என்று ஒரு வகை உண்டு. பெயரைக் கேட்டால் உள்ளே தங்கம் நிரப்பியது போலத் தோன்றும். உண்மையில் உள்ளே பித்தளை, மேலே சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டவைத்த தங்கத் தகடு. முலாமைவிட இது பல மடங்கு தடிமன், வருஷக்கணக்கில் நிறம் மாறாது. ஆனால் அடர்த்தி 8.6 அல்லது 8.7தான் வரும். ஆகவே கவரிங்கையும் இதையும் தராசு பிரித்துக் காட்டாது. கண்தான் பிரிக்க வேண்டும்.

கொக்கியின் பக்கத்தில் இருக்கும் வளையத்தைப் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். 1/20 என்ற எண்ணும் 14கே, ஜி.எஃப். என்ற ஆங்கில எழுத்துகளும் பொறித்திருந்தால் அது கோல்டு ஃபில்டு. மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு 14 கேரட் தகடு என்று அர்த்தம். 9.50 கிராம் சங்கிலி என்றால் அதில் இருக்கும் சுத்தத் தங்கம் கால் கிராமுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். முத்திரை தேய்ந்திருந்தால் வளையத்தின் வெட்டுவாயைப் பாருங்கள்: சுற்றிலும் மஞ்சள் விளிம்பு, நடுவில் வேறு நிறம் தெரியலாம். கவரிங்கில் வெட்டிய பிறகுதான் முலாம் பூசுவார்கள் என்பதால் வெட்டுவாயும் மஞ்சளாக இருக்கும். ஆனால் கணுக்கள் ஒன்றோடொன்று உரசும் இடத்திலும் பின்கழுத்துப் பக்கத்திலும் செம்பு நிறமோ வெளுப்போ எட்டிப்பார்க்கும்.

ஹால்மார்க் இல்லையே என்று தங்கச் சங்கிலியைச் சந்தேகப்பட வேண்டாம். இந்தியாவில் அது கட்டாயமாகத் தொடங்கியதே 2021இல்தான். மாமியார் காலத்து நகையில் இல்லாதது இயல்பு. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. குறியீடு இருந்தால் BIS Care செயலியில் போட்டுப் பாருங்கள். செயலி காட்டும் நகை வகையும் தரமும் உங்கள் கையில் இருப்பதோடு பொருந்த வேண்டும்.

அடர்த்தி 9க்கு நன்றாக மேலே வந்த சங்கிலியை மட்டும் ஹால்மார்க் மையத்துக்கோ நம்பகமான கடைக்கோ கொண்டுபோங்கள். அங்கே எக்ஸ்ரே கருவியில் வைப்பார்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும். அதனால் உங்கள் தண்ணீர்க் கணக்கு எழுதிய தாளையும் கையோடு எடுத்துப்போங்கள்.