தேங்கிப்போன 90 சாக்லேட் ஆர்டரும் ஒரு மன்னிப்புக் கடிதமும்

"குன்னூரில் ஹோம்மேட் சாக்லேட் கடை. இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுக்கிறோம். தீபாவளி முடிந்தும் 90 ஆர்டர் பாக்கி. நாளுக்கு 15 தான் செய்து கட்ட முடிகிறது, புதிதாக 8 வருகிறது. மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்ததால் தாமதம் என்று எழுதிவிடலாமா?"

மண்சரிவால் நின்ற பார்சல்களுக்கு மட்டும் அப்படி எழுதுங்கள். கோத்தகிரி வழியாகவும் மலையிறங்கலாம் என்பது வாடிக்கையாளர் பலருக்குத் தெரியும். உண்மைக் காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது: கைக்கு மீறி ஆர்டர் எடுத்துவிட்டீர்கள்.

கடிதம் எழுதுமுன் தேதியைக் கணக்கிடுங்கள். 90-ஐ 15-ஆல் வகுத்து 6 நாள் என்று சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்வீர்கள். தினம் 8 புது ஆர்டர் சேர்வதால் பாக்கியில் குறைவது 7 தான். தீர 13 நாள் ஆகும். இரண்டாவது மன்னிப்புக் கடிதம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. ஆகவே பாக்கி தீரும்வரை புது ஆர்டரை நிறுத்துங்கள்.

இன்னொன்று, வியாழன், வெள்ளியில் அனுப்பும் பெட்டி ஞாயிறன்று கூரியர் கிடங்கில் தங்கிவிடக்கூடும். சமவெளி வெயிலில் சாக்லேட் இளகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூக்கும். அது கொழுப்புதான், கெடுதல் இல்லை. ஆனாலும் வாங்கியவர் பூஞ்சை என்றே நினைப்பார். எனவே திங்கள் முதல் புதன் வரை மட்டும் அனுப்புங்கள். திங்கள், செவ்வாயில் செய்யும் 30 பெட்டி மறுநாளே கிளம்பும். புதன் முதல் சனி வரை செய்யும் 60 பெட்டி அடுத்த திங்களன்று போகும்.

ஞாயிறு இரவு இப்படிப் போடலாம்:

"தீபாவளிக்கு எங்களால் செய்ய முடிந்ததைவிட அதிக ஆர்டர் எடுத்துவிட்டோம். தவறு எங்களுடையது, மன்னியுங்கள். ஆர்டர் எண் 1 முதல் 30 வரை இந்தச் செவ்வாய், புதனிலும், 31 முதல் 90 வரை அடுத்த திங்களன்றும் கிளம்பும். பெட்டி இனி வேண்டாம் என்றால் 'பணம்' என்று பதில் அனுப்புங்கள். முழுத் தொகையும் 2 நாளில் வந்துவிடும். இந்த 90 பெட்டியும் கிளம்பும்வரை புது ஆர்டர் எடுக்கவில்லை. பிறகும் நாளுக்கு 12-க்கு மேல் எடுக்க மாட்டோம்."

15 முடியும்போது 12 என்பது, ஒருநாள் கரன்ட் போனாலோ ஆள் வராவிட்டாலோ சமாளிக்கத்தான்.

பணத்துக்குப் பதில் தள்ளுபடி கூப்பன் நீட்டாதீர்கள். தீபாவளிப் பரிசுக்கென்று வாங்கியவருக்கு இப்போது பெட்டியே தேவைப்படாது. 2020 மின்வணிக விதிகளும், சொன்ன கெடு தவறினால் பணத்தைத் திருப்பித்தர மறுக்கக்கூடாது என்கின்றன. இயற்கைச் சீற்றம் போன்ற காரணத்துக்கு விலக்கு உண்டு, கட்டாமலே கிடந்த பெட்டிக்கு அது பொருந்தாது. பதில் போடாதவர்களுக்கு அனுப்புமுன் போனில் கேட்டுவிடுங்கள்.