மெயிலில் 'வீ' என்றால் யார்?

பட்டர்வொர்த்தில் ஒரு சரக்கு அனுப்பும் கம்பெனியில் இரண்டு வருடமாக வேலை செய்கிறேன், அக்கா. மெயிலில் 'ஐ' என்று போட்டால் தலைக்கனமாகத் தெரியுமோ என்று எப்போதும் 'வீ' போடுவேன். போன வாரம் ஒரு வாடிக்கையாளருக்கு, 'வீ நீட் டு சப்மிட் த பேக்கிங் லிஸ்ட் பை தர்ஸ்டே' என்று எழுதினேன். நாங்கள் கொடுப்போம் என்று அவர் இருந்துவிட்டார். அவர் தருவார் என்று நாங்கள் இருந்தோம். 'யார் அந்த வீ?' என்று மேனேஜர் கேட்டபோது பதில் இல்லை. இனி எப்படி எழுதுவது?
- வாசகி, பட்டர்வொர்த்

அன்புத் தங்கைக்கு,

இதை நீங்கள் தமிழில் எழுதியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. 'நாங்கள்' என்றால் கேட்பவர் அதில் இல்லை, 'நாம்' என்றால் அவரும் உண்டு. மலாயிலும் அப்படித்தான், 'காமி' வேறு, 'கித்தா' வேறு. ஆங்கில 'வீ' இரண்டுக்கும் பொது. நீங்கள் ஒன்றை நினைத்து எழுத, அவர் மற்றொன்றாகப் படித்துவிட்டார். அதனால் 'வீ' என்று தட்டும்போதெல்லாம், இது காமியா, கித்தாவா என்று ஒரு நொடி கேட்டுப் பாருங்கள். கித்தா என்றால் அந்த வாக்கியத்தை அனுப்பாதீர்கள். யார் எதைச் செய்வது என்று பிரித்து எழுதுங்கள்.

பேக்கிங் லிஸ்ட் தர வேண்டியவர் சரக்கை அனுப்பும் வாடிக்கையாளர். ஆகவே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வரட்டும்: 'பேக்கிங் லிஸ்ட்டை வியாழன் மதியம் 12 மணிக்குள் எனக்கு அனுப்புங்கள். வந்ததும் கே2 சுங்கப் படிவத்தை நான் தயார் செய்கிறேன்.' இந்த 'நான்' தலைக்கனம் இல்லை. ஏதாவது தாமதமானால் யாருக்குப் போன் போடுவது என்று அவருக்குத் தெரிந்துவிடும், அவ்வளவுதான். படிவத்தை உங்கள் சக ஊழியர் செய்வதாக இருந்தால் 'வீ' போட்டு மூடாமல் அவர் பெயரையே எழுதுங்கள், அவரையும் சிசியில் சேருங்கள். அதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அதற்காக எல்லா இடத்திலும் 'ஐ' என்று மாற்றிவிடாதீர்கள். கட்டணம், தள்ளுபடி, நஷ்ட ஈடு எல்லாம் கம்பெனி தரும் வாக்கு. அங்கே 'ஐ கேன் கிவ் யூ டென் பர்சன்ட்' என்று எழுதினால், உங்களுக்கு இல்லாத அதிகாரத்தை நீங்களே எடுத்துக்கொண்டதாகிவிடும். அந்த இடத்தில் 'வீ'தான் சரி, அதுவும் மேனேஜர் ஒப்புக்கொண்ட பிறகு.

தவறு நடந்தால்தான் எழுதக் கை கூசும். வாடிக்கையாளரிடம் கம்பெனி சார்பில் 'வீ' என்று மன்னிப்புக் கேளுங்கள், அடுத்து செய்யப்போவதை 'ஐ' என்று எழுதுங்கள். ஆபீசுக்குள் போகும் மெயிலில் மட்டும், உங்கள் கை செய்த பிழையை 'வீ மிஸ்டு இட்' என்று எழுதவே வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் தன்னையும் சேர்த்து இழுக்கிறீர்கள் என்றுதான் படிப்பார். மேனேஜருக்கு இன்றே எழுதிவிடுங்கள்: 'அந்த வாக்கியத்தை நான்தான் தெளிவில்லாமல் எழுதினேன். வாடிக்கையாளரிடம் லிஸ்ட்டை இன்று நானே கேட்டு வாங்குகிறேன்.'