அந்தச் செய்தியைத் தம்பியிடம் சொல்லி அனுப்பாதீர்கள்

“ஹட்டனில் எங்கள் அப்பா தொடங்கிய மிளகாய்த்தூள் மில்லை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் 60 கடைகளுக்குக் கிழமைக்கு ஒரு தடவை லொறி போகிறது. 40 கடைகள் இரண்டு, மூன்று டசன்தான் எடுக்கும். 50 கிராம் பக்கட் கடைக்கு 80 ரூபா. டீசல் செலவுக்கே கட்டுபடியாகவில்லை. இனி ஒரு முழுப் பெட்டி, அதாவது 12 டசன் எடுத்தால்தான் சரக்கு என்றும், 50 கிராமை நிறுத்தி 100 கிராம் மட்டும் போடுவதென்றும் முடிவெடுத்திருக்கிறேன். லொறியில் போகிற தம்பிக்கு 22 வயது, பாக்கி வாங்குவதும் அவன்தான். அடுத்த ரவுண்டில் அவனே வாயால் சொல்லிவிடுவான். கடைக்காரர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்லச் சொல்வது?”
— ஒரு வாசகி, ஹட்டன்

மகள், உங்கள் கடிதத்தில் மற்றதெல்லாம் கணக்கு. கணக்கைத் திருத்திவிடலாம். ஆனால் “தம்பியே வாயால் சொல்லிவிடுவான்” என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்களே, அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. முடிவு எடுத்தது நீங்கள். அதைக் கடை வாசலில் நின்று சொல்லி வசவு வாங்குவது அவன். “ஏன்?” என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்லவும், “சரி, உங்களுக்கு மட்டும் பாதிப் பெட்டி” என்று இறங்கிவரவும் அவனுக்கு அதிகாரம் இருக்கிறதா? இல்லை. வீட்டுக்கு மூத்தவள் என்றால் நல்ல செய்தியைத் தம்பி கொண்டு போகட்டும், கெட்ட செய்தியை நான் கொண்டு போகிறேன் என்று நிற்க வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன். அதிலிருந்து இறங்கிவர மாட்டேன்.

இது பாசத்துக்காக மட்டும் சொல்வதில்லை. பாக்கி வாங்குகிறவனே இந்தச் செய்தியையும் சொன்னால் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் என் அப்பா சின்னக் கடை வைத்திருந்தார். நான் சாதாரணதரம் படித்த வருடம், பிஸ்கட் கொண்டுவரும் லொறிப் பையன் ஒருநாள் படியில் நின்றபடியே, பில் புத்தகத்தைக் காற்சட்டையில் தேய்த்துக்கொண்டு, “இனிப் பெட்டியோடதான் தரச் சொன்னாங்க” என்றான். “யார் சொன்னது?” என்று அப்பா கேட்டார். “ஒப்பீஸ்ல” என்றான். அப்பா அவனைத் திட்டவில்லை. அவனுக்காக எண்ணி வைத்திருந்த காசைத் திரும்ப லாச்சிக்குள் போட்டார். “அடுத்த முறை பார்ப்போம்” என்றார். அந்த அடுத்த முறை வர இரண்டு மாதம் ஆனது. வராத பாக்கியை அவன் சம்பளத்தில் பிடித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம். அப்பா அதை நினைத்துக் கடைசி வரை வருந்தினார். நிபந்தனையை மாற்றினால் கடைக்காரர் சண்டைக்கு வருவார் என்று நீங்கள் பயப்படுகிறீர்கள். அவர் சண்டைக்கு வரமாட்டார், பாக்கியைப் பிடித்துக்கொள்வார். அவர் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். கிழமைக்கு இரண்டு டசன் எடுக்கும் கடைக்கு இப்போது 1,920 ரூபா பில். முழுப் பெட்டி 144 பக்கட், 11,520 ரூபா. அந்தக் கடையில் அது விற்று முடிய ஆறு கிழமை ஆகும். நம் பக்கத்து மழையிலும் பனியிலும், தகரக் கூரைக்குக் கீழே, திறந்த பெட்டி ஆறு கிழமை கிடந்தால் உறை சரியாக ஒட்டாத பக்கட்டெல்லாம் ஈரம் இழுத்துக் கட்டிபடும், நிறமும் மங்கும். அதைத் திருப்பி எடுக்கப் போவதும் நீங்கள்தான். அப்புறம், கடனுக்குத்தானே கொடுக்கிறீர்கள்? ஒரு கடைக்கு 9,600 ரூபா கூடுதலாக வெளியே நிற்கும். 40 கடைக்கு 384,000 ரூபா. டீசலில் மிச்சம் பிடிக்கப் போய், நாலு இலட்சத்துக்குக் கிட்டத்தட்ட உங்கள் காசு லயத்துக் கடைகளின் தட்டில் போய் உட்காரும். காய்ந்த மிளகாய் வாங்க அந்தக் காசு உங்களுக்கு வேண்டாமா?

டீசல் எங்கே செலவாகிறது என்று பாருங்கள். பக்கட்டில் இல்லை, லொறி நின்று நின்று போகிற ஒவ்வொரு கடையிலும்தான். ஆகவே பெட்டியைப் பெரிதாக்க வேண்டாம், பயணத்தைக் குறையுங்கள். நோர்வூட்டில்தானே பாதை பிரிகிறது? ஒரு கிழமை பொகவந்தலாவைப் பக்கம், மறு கிழமை மஸ்கெலியாப் பக்கம் போங்கள். ஒவ்வொரு கடைக்கும் இரண்டு கிழமைக்கு ஒருமுறை லொறி வரும். குறைந்த அளவை நாலு டசன் என்று வையுங்கள். அதையும் மிளகாய்த்தூளிலேயே எடுக்கச் சொல்லாமல் கறித்தூள், மஞ்சள்தூள் என்று கலந்து எடுக்க விடுங்கள். கிழமைக்கு இரண்டு டசன் எடுத்தவர் இரண்டு கிழமைக்கு நாலு டசன் எடுக்கிறார், அவ்வளவுதான். அவர் வியாபாரத்தில் எதுவும் மாறவில்லை, உங்கள் ஓட்டம் மட்டும் பாதியாகிறது. கடனும் கூடத்தான் செய்யும், ஒரு கடைக்கு 1,920 ரூபா, 40 கடைக்கு 76,800. அதைத் தாங்கலாம். இரண்டு டசனுக்கும் கீழே எடுக்கிற கடை ஏதாவது இருக்கிறதா என்று கடந்த மூன்று மாத பில் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். இருந்தால், பக்கத்துக் கடையோடு சேர்ந்து ஒரே பில்லில் எடுக்கச் சொல்லலாம்.

50 கிராமை நிறுத்துவதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். தோட்டத்தில் மாதச் சம்பளம் 10ஆம் திகதி வாக்கில் கைக்கு வருகிறது. மாதக் கடைசியில் கையில் இருக்கிற காசுக்கு 50 கிராம்தான் வாங்க முடியும். அந்தப் பக்கட் உங்களிடம் இல்லையென்றால் வேறு யாரோ ஒருவருடையது அந்த ஆணியில் தொங்கும். எப்படியும் நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால், இந்த மாற்றம் படிந்து மூன்று மாதம் கழித்து, தனியாகச் சொல்லுங்கள். அளவும் மாறி, பக்கட்டும் மாறி, அதோடு விலையும் ஏறினால் கடைக்காரர் மூன்றையும் விலையேற்றம் என்றே கேட்பார்.

சொல்லும் விதம். எழுத்தில் கொடுங்கள், ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் சிங்களத்தில். டவுன் கடைக்காரர் எல்லாரும் தமிழ் வாசிப்பவர்கள் இல்லை. இப்படி எழுதலாம்:

“டீசல் செலவு காரணமாகக் கிழமைக்கு ஒரு தடவை வர எங்களால் முடியவில்லை. ஆகவே ... ஆம் திகதியிலிருந்து எங்கள் லொறி உங்கள் கடைக்கு இரண்டு கிழமைக்கு ஒருமுறை வரும். ஒரு தடவைக்குக் குறைந்தது நாலு டசன் எடுக்க வேண்டும். எல்லாத் தூளையும் கலந்து எடுக்கலாம். பக்கட் விலை மாறவில்லை. எடுத்த சரக்குக்கு லொறி அடுத்த முறை வரும்போது காசு தந்தால் போதும். கட்டிபட்ட பக்கட்டை முன்போலவே மாற்றித் தருவோம். உங்கள் பழைய பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தத் திகதி வரை பழையபடியே எடுக்கலாம். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.” கீழே உங்கள் பெயர், உங்கள் தொலைபேசி இலக்கம். தம்பியின் இலக்கம் இல்லை.

பாக்கி பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், பழைய கடனை முழுக்க வசூலிக்கத்தான் இந்தக் கடிதம் என்று நினைப்பார்கள். விலை மாறவில்லை என்ற வரியும் அப்படியே இருக்கட்டும். ‘எங்கள் மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களின் நலன் கருதி’ என்று தொடங்காதீர்கள். அவர்கள் நலனுக்காக இதைச் செய்யவில்லை, உங்கள் டீசலுக்காகச் செய்கிறீர்கள்.

கடிதம் கொடுத்த பிறகு இரண்டு ரவுண்ட் பழையபடியே நடக்கட்டும். இரண்டாவது ரவுண்டில் இன்னொரு தரம் ஞாபகப்படுத்துங்கள், மூன்றாவதில் மாற்றம் வரட்டும். அந்த மூன்றாவது ரவுண்ட் 10ஆம் திகதி கழிந்த கிழமையில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் நாலு டசனுக்கான காசு கடையில் புழங்கும். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் முந்தின மாதத்தில் வைக்காதீர்கள். எல்லாக் கடைக்கும் ஒரே திகதி. சொந்தக்காரர் கடை இருந்தால் அவர்களுக்கும் அதே நாலு டசன். ஒரு கடைக்கு இரகசியமாக இரண்டு டசன் இறக்கினால், சாயங்காலத்துக்குள் நோர்வூட் சந்தியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்புறம் தம்பி எந்தக் கடைக்கும் நேராகப் போக முடியாது.

மாற்றம் வந்த பிறகு, திட்டுகிற கடைக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். திட்டுகிறவர் தொடர்ந்து வாங்குவார். “அடுத்த முறை பார்ப்போம்” என்று பாதிப் பாக்கியைக் கொடுத்து, இரண்டு ரவுண்ட் ஓடர் தராமல் இருப்பவரைக் கவனியுங்கள். அந்தக் கடை முகப்பில் யாருடைய சரம் தொங்குகிறது என்று தம்பி வந்து உங்களுக்குச் சொல்லட்டும். அதைப் பார்த்துச் சொல்வது அவன் வேலை. அந்தக் கடைக்காரரைப் பார்க்கப் போவது உங்கள் வேலை.

60 கடைக்கும் நீங்களே போக முடியுமா என்று கேட்பீர்கள். முடியும். பொகவந்தலாவைக்கு ஒரு நாள், மஸ்கெலியாவுக்கு ஒரு நாள். மில்லை இரண்டு நாள் அப்பா பார்த்துக்கொள்வார், இல்லையென்றால் மூடுங்கள். முடிவை முதலில் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்தக் கடைக்காரர்களில் பாதிப் பேர் முதலில் கேட்கப் போவது “அப்பா எப்படி இருக்கிறார்?” என்றுதான். லொறியைத் தம்பி ஓட்டட்டும். கடிதக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் முன் சீட்டில் ஏறுங்கள். கடை வாசலில் முதலில் இறங்குவதும் நீங்களாக இருக்கட்டும்.