கண்ணைப் பூவுக்கும் முகத்தை நிலவுக்கும் ஒப்பிடுவது எல்லா மொழிக் காதல் கவிதையிலும் ஒன்றுதானே?

இல்லை. வேறு மொழி பேசும் ஒருவருக்குக் கவிதை எழுத உட்கார்ந்துவிட்டு, தமிழ் உவமையை அப்படியே தூக்கிக் கொடுத்தால் போதுமா என்று யோசிக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன். கொடுக்கலாம், ஆனால் அவர் படிப்பது நீங்கள் எழுதியதாக இருக்காது.

வேலைக்காக ஐதராபாத்தில் குடியிருந்தபோது எங்கள் வீட்டு ஓனர் ஓய்வுபெற்ற உருது ஆசிரியர். மாலையில் டீ குடித்தபடி அவர் ஷேர் என்னும் உருது ஈரடிக் கவிதை சொல்வார், நான் குறள் சொல்வேன். எனக்குத் தெரிந்த இந்திதான் பாலம். ஒருநாள்,

'காணின் குவளை கவிழ்ந்து நிலன்நோக்கும்
மாணிழை கண்ணொவ்வேம் என்று'

சொல்லி விளக்கினேன். குவளையால் பார்க்க முடிந்தால், இவள் கண்ணுக்கு நாம் ஈடில்லை என்று வெட்கப்பட்டுத் தலை கவிழ்ந்துகொள்ளும். அவர் ரசித்துவிட்டு, "எங்கள் பூவும் தலை கவிழும் சாப், ஆனால் வெட்கத்தில் இல்லை, போதையில்" என்றார்.

அவர் சொன்னது நர்கிஸ் பூவை. வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் கிண்ணம், தண்டின் நுனியில் கொஞ்சம் சாய்ந்து தொங்கும். பாரசீகக் கவிஞர்களுக்குக் கண் என்றால் இந்தப் பூதான். நமக்குக் குவளையில் பிடித்தது மை தீட்டிய கண்ணின் கருநீலம். அவர்களுக்கு நர்கிஸில் பிடித்தது அந்தச் சாய்வு, பாதி மூடிய இமைபோல. 14ஆம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் இருந்த பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் ஒரு கஜலில் காதலி நள்ளிரவில் அவர் தலைமாட்டில் வந்து உட்காருகிறாள்; அவளுடைய நர்கிஸ் சண்டைக்கு இழுக்கிறது, உதடு கேலி செய்கிறது. கண் என்று தனியாகச் சொல்லவே இல்லை, பூவின் பெயரே போதும்.

அதற்கடுத்து அந்தப் பெரியவர் சொன்னதைத்தான் என்னால் சட்டென்று ஏற்க முடியவில்லை. நர்கிஸ் கண்ணை 'நோயாளிக் கண்' என்றும் பாடுவார்களாம், புகழ்ச்சியாக! சோர்ந்து, இமை தாழ்ந்து, யாரையும் நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாத கண். அதுவே அழகு. நான் விடவில்லை. எங்களிடம் 'நறுமலர் நாணின கண்' என்று இருக்கிறது என்றேன். பிரிந்துபோனவனை நினைத்து அழுது அழகிழந்த கண்கள், முன்பு தங்களுக்குத் தோற்ற மலர்களைப் பார்த்து இப்போது நாணுகின்றன. கண் வாடினால் நம்மிடம் பூவோடு போட்டி முடிந்தது. அவர்களிடம் கண் துவண்டால்தான் பூ ஆகிறது.

'ஒருநோக்கு நோய்நோக்கு' என்று குறளிலேயே வருகிறதே என்று யாராவது வருவீர்கள், தெரியும். அங்கே கண் நோயைக் கொடுக்கிறது, அதற்கு மருந்தும் அதுவே. கண்ணுக்கே நோய் இல்லை.

இன்னொன்றும் சொன்னார். நர்கிஸுக்குக் கண்ணின் வடிவம் உண்டு, பார்வை கிடையாது. அதனால் உருதுக் கவிஞர் இக்பாலின் கவிதையில் அது ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தன் ஒளியின்மையை நினைத்து அழுகிறது. ஆக அதே பூ ஓரிடத்தில் போதைக் கண், இன்னோரிடத்தில் குருட்டுக் கண். கிரேக்கக் கதையிலோ தண்ணீரில் தன் முகத்தையே பார்த்து மயங்கிச் செத்த பையன்தான் அந்தப் பூ ஆகிறான். ஐரோப்பியக் கவிதையில் அதைக் காதலிக்குச் சூட்டினால் தற்காதல் வாடை அடிக்கலாம்.

நிலவு பற்றிச் சுருக்கமாக. பாரசீகத்திலும் உருதுவிலும் பதினாலாம் இரவு நிலா, அதாவது முழுநிலா போன்ற முகம் என்பது மறுப்பில்லாத புகழ்ச்சி. குறள் நிலவோடு வம்பு செய்யும், 'மறுவுண்டோ மாதர் முகத்து' என்று. ஷேக்ஸ்பியரின் ஜூலியட் நிலவின் மேல் சத்தியம் செய்யாதே என்கிறாள், அது மாதாமாதம் மாறுகிறதாம். சீனக் கவிஞர் து ஃபூ, கலகக்காரர் பிடித்த தலைநகர் சாங்கானில் மாட்டிக்கொண்டபோது, தொலைவில் மனைவி தனியாகப் பார்க்கும் நிலவைப் பாடினார். அங்கே நிலவு முகம் இல்லை, இருவரும் தனித்தனியே பார்க்கும் ஒன்று.

நான் பாரசீகம் படித்தவன் இல்லை. உருதுவும் எழுத்துக்கூட்டித்தான். பேராசிரியர்கள் திருத்தலாம். ஆனால் "உலகக் காதல் எல்லாம் ஒன்று" என்று வந்து தத்துவம் பேச வேண்டாம்.

   

சரி, உங்கள் கவிதைக்கு வருகிறேன். நீங்கள் யாருக்கு எழுதுகிறீர்களோ அவர் லக்னோ, ஐதராபாத் பக்கத்து உருதுக்காரர் என்றால் குவளையை விட்டுவிட்டு நர்கிஸ் எழுதுங்கள். தமிழ்ப் பெண்ணிடம் மட்டும் "உன் கண் நோயாளி மாதிரி இருக்கிறது" என்று ஆரம்பிக்காதீர்கள்.