முன்பின் தெரியாத சீனியருக்கு முதல் கடிதம்

"2021-இல் மதுரையில் சிவில் இன்ஜினியரிங் முடித்தேன். திருமணமாகி இப்போது டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். கணவர் வேலை விசாவில் இருக்கிறார், நான் அவரோடு வந்தவள். எங்கள் கல்லூரி சீனியர் ஒருவர் ஜோகன்னஸ்பர்கில் இருப்பதை லிங்க்டினில் பார்த்தேன். பழக்கமில்லை. வேலை விஷயமாக ஆலோசனை கேட்டு அவருக்கு எப்படி எழுதுவது?"

நானும் இங்கே தென்னாப்பிரிக்காவில் சிவில் துறையில்தான் இருக்கிறேன். என் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து இப்படிக் கடிதங்கள் வரும். பெரும்பாலும் ஒரே மாதிரி: "சார், நானும் நம்ம காலேஜ்தான். வேலை தேடுகிறேன். ரெசியூம் இணைத்திருக்கிறேன். வேகன்சி இருந்தால் சொல்லுங்கள்." இதற்கு நான் தரக்கூடிய பதில் "இப்போது இல்லை" மட்டும்தான். அதைச் சொல்ல மனம் வராமல் நாளைக்கு எழுதலாம் என்று தள்ளிப்போடுகிறேன், அப்படியே போய்விடுகிறது. உங்கள் சீனியரும் மனிதர்தானே. அவர் ஐந்து நிமிடத்தில், தன் அனுபவத்திலிருந்தே பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்.

அந்தக் கேள்வி கிடைக்க வேண்டுமானால் கொஞ்சம் முன்வேலை தேவை. உங்கள் துறையில் இங்கே இரண்டு வாசல்கள் உண்டு. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிட்டுச் சான்று தருவது சாக்வா என்கிற தகுதிகள் ஆணையம். இன்ஜினியராகப் பதிவு செய்வது எக்சா என்கிற பொறியியல் மன்றம். அனுபவம் குறைவானவர்கள் எக்சாவில் முதலில் 'கேண்டிடேட் இன்ஜினியர்' என்று பதிவு செய்வார்கள். பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவும் இருக்கிறது, 2014 முதல் இந்தியாவும் இருக்கிறது. ஆனால் அது எல்லா இந்தியப் பட்டத்துக்கும் பொருந்தாது. என்.பி.ஏ. என்கிற இந்திய அங்கீகார வாரியத்தின் முதல் அடுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான், அதுவும் அங்கீகாரம் நடப்பில் இருந்த காலத்துக்குத்தான். உங்கள் பேட்ச் அதில் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். இதெல்லாம் நாமே தேடித் தெரிந்துகொள்ள வேண்டியவை. சீனியரிடம் கேட்டால் "தேடிப் பார்க்கவே இல்லையா?" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

அடுத்தது விசா. கணவரின் வேலை விசாவோடு துணையாக வந்தவர் அந்த விசாவிலேயே வேலை செய்ய முடியாது. இதைப் பலர் மறைத்து எழுதுகிறார்கள். நானும் அந்தத் தப்பைச் செய்தேன். ஒரு பெரியவர் எனக்காக இரண்டு இடங்களில் பேசிய பிறகுதான் என் நிலைமை அவருக்குத் தெரிந்தது. அவருக்கு ஏற்பட்ட சங்கடம் இன்னும் என் மனதில் இருக்கிறது. முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள். உடனடி வேலை கேட்டு வரவில்லை என்று அவருக்கும் புரியும், தயங்காமல் பதில் எழுதுவார்.

இப்படி எழுதலாம்:

"வணக்கம் சார். நம் கல்லூரியில் சிவில், 2021 பேட்ச். இரண்டு வருடம் மதுரையில் சைட் இன்ஜினியராக இருந்தேன். இப்போது கணவரோடு டர்பனில் இருக்கிறேன். என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. அதனால் முதலில் பட்டத்தையும் பதிவையும் சரிசெய்ய நினைக்கிறேன். சாக்வாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். எக்சா பதிவுக்கு இந்திய சைட் அனுபவத்தைக் காட்ட நீங்கள் எந்த மாதிரி ஆவணங்கள் கொடுத்தீர்கள், எது போதாது என்றார்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும். இரண்டு வரி எழுதினால் போதும். அவசரமில்லை."

இதில் உங்கள் உண்மை விவரங்களை மட்டும் போடுங்கள். விண்ணப்பிக்கவில்லை என்றால் "விண்ணப்பிக்கப் போகிறேன்" என்றே எழுதுங்கள்.

லிங்க்டின் அழைப்போடு அனுப்பும் குறிப்பில் நீளமாக எழுத முடியாது. அதில் கல்லூரி, பேட்ச், எதற்காக எழுதுகிறீர்கள் என்பது மட்டும் போதும். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு மேலே உள்ளதை அனுப்புங்கள். ரெசியூம் அவர் கேட்டால் மட்டும். பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நம்பரை எடுத்து நேரடியாக மெசேஜ் போட வேண்டாம். 'அண்ணா' என்று எழுதலாமா? நம் ஊர்க் கல்லூரியில் அது சாதாரணம்தான். ஆனால் முகம் தெரியாதவருக்கு முதல் கடிதத்தில் 'சார்' போதும். பதிலில் அவரே "தங்கச்சி, சாரெல்லாம் வேண்டாம்" என்றால் அப்புறம் அண்ணா என்று கூப்பிடுங்கள்.

பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், மூன்று வரிக்குள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு சீனியரைத் தேடுங்கள். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி தொடக்கம் வரை மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. இங்கே கட்டுமானத் துறை மொத்தமும் அப்போது விடுமுறையில் இருக்கும். அந்த நாட்களில் எழுதினால் கடிதம் அடியில் போய்விடும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் அனுப்புங்கள்.

அவர் பதில் எழுதினால் அன்றைக்கே நன்றி சொல்லுங்கள். அவர் சொன்ன ஆவணத்தை எக்சாவில் கொடுத்த பிறகு, என்ன ஆயிற்று என்று இன்னொரு முறை எழுதுங்கள். வேறு எதையாவது கேட்பதாக இருந்தால் அந்தக் கடிதத்தில் கேட்கலாம்.