பகல் பத்து மணிக்குப் படிக்க ஒரு கடிதம்

அன்புள்ள மேடம்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் முடிந்தது. அக்டோபரில் மாப்பிள்ளையோடு அமெரிக்கா, மினியாபொலிஸ் போய்விட்டாள். எச்-4 விசா. அவர் அங்கே எச்-1பியில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறார். இவள் காட்பாடியில் கணக்கு டீச்சராக இருந்தவள்.

போன வாரம் போனில் திடீரென்று அழுதாள். எண்ணெய்க் கத்திரிக்காய் வைத்தாளாம், நம்ம ஊர் முள்ளுக் கத்திரிக்காய் ருசி வரவில்லையாம். "இதுக்கா அழுவாங்க?" என்று சிரித்துவிட்டேன். அதிலிருந்து "நல்லா இருக்கேம்மா" என்று மட்டும்தான் சொல்கிறாள்.

என் கையால் ஒரு கடிதம் எழுதி ஆறுதல் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். "கவலைப்படாதே, எல்லாம் சரியாகிடும். மாப்பிள்ளை தங்கம், உனக்கு என்ன குறை? சும்மா உட்கார்ந்திருக்காமல் ஒரு வேலை தேடிக்கோ. நீ அழுதால் எனக்கு பிபி ஏறுது" என்று எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தால் எனக்கே ஆறுதலாக இல்லை.

1994-ல் போளூரிலிருந்து நான் இங்கே வாழ வந்தபோது வீட்டிலேயே தறி. விடியற்காலை தறிச் சத்தத்தில் தூக்கம் போய்விடும். மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் அழுதேன். அப்புறம் ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போனால், சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை! இதையெல்லாம் எழுதினால் பயந்துவிடுவாளோ என்று விட்டுவிட்டேன். எப்படி எழுதுவது?

- ஒரு தாய், குடியாத்தம்

அன்புள்ள அம்மா,

கடிதம் எழுத நினைத்தது நல்ல யோசனை. முதலில் உங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள். குளிர்காலத்தில் மினியாபொலிஸ் நமக்குப் பதினொன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. மாப்பிள்ளை காலை எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பினால் குடியாத்தத்தில் இரவு ஏழரை. நீங்கள் வழக்கமாகப் பேசுவது அந்த நேரமாகத்தான் இருக்கும். அவள் பாத்திரம் கழுவி, துணி மடித்து, தனியாக உட்காருகிற பகல் பத்து மணிக்கு உங்களுக்கு இரவு ஒன்பதரை. அவளுக்கு நாள் நீளுகிற மதியம் மூன்று மணிக்கு இங்கே விடியற்காலை இரண்டரை, நீங்கள் தூக்கத்தில். ஊர் நினைவு ஆளைப் பிடிப்பது கைக்கு வேலையில்லாத நேரத்தில்தான். அந்த நேரம் முழுக்க அவளுக்கு அம்மா இல்லை. டிசம்பரில் அங்கே நாலரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். வேலூர் வெயிலில் வளர்ந்த பெண் நாலரை மணி இருட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அப்போது மேசை இழுப்பறையில் இருந்து எடுத்துப் படிக்க ஒரு காகிதம் வேண்டும். அதை மனதில் வைத்து எழுதுங்கள்.

நீங்கள் எழுதிவைத்திருக்கிற நான்கு வரிகளில் மூன்றுக்கு ஒரே குணம்: அவள் வாயை மூடுகின்றன. கவலைப்படாதே என்றால், கவலையைச் சொல்லாதே என்று அவளுக்குக் கேட்கும். மாப்பிள்ளை தங்கம் என்றால், நாளைக்கு அவர் மேல் சின்னதாக ஒரு வருத்தம் வந்தாலும் அம்மாவிடம் சொல்ல முடியாது. பிபி விஷயம்தான் ரொம்ப மோசம். அம்மாவின் உடம்பு தன் கண்ணீரில் தொங்குகிறது என்று தெரிந்த பெண் என்ன சொல்வாள்? "நல்லா இருக்கேம்மா" என்பாள். கத்திரிக்காய்க்குப் பிறகு சொல்கிறாளே, அதைத்தான். உங்களுக்கு நிஜமாகவே பிபி இருந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனை எடுங்கள்.

நான்காவது, அந்த வேலை வரி. இதை நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அவளை இதுதான் அதிகமாகக் குத்தும். எச்-4 என்பது கணவரைச் சார்ந்து தங்கும் விசா. அதை வைத்துக்கொண்டு மட்டும் அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது, கடையில் பகுதிநேர வேலைகூட. 2015 முதல் ஒரு பிரிவினருக்கு வேலை அனுமதி அட்டை கொடுக்கிறார்கள். பெரும்பாலும் கணவருடைய கிரீன் கார்டுக்காக அவர் கம்பெனி போடும் ஐ-140 மனு ஏற்கப்பட்டிருந்தால்தான் மனைவி அதற்கு விண்ணப்பிக்கலாம். போய் இரண்டே வருடம் ஆன மாப்பிள்ளைக்கு அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவரைத்தான் கேட்க வேண்டும். அங்கிருந்தபடி குடியாத்தம் பிள்ளைகளுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆன்லைன் டியூஷன் எடுக்கலாமே என்று தோன்றும். அதுவும் சிக்கலாகலாம், விசா வக்கீலைக் கேட்காமல் சொல்லிவிடாதீர்கள். படிக்க எச்-4-ல் தடையில்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் மகள் இழந்தது ஊரை மட்டுமல்ல. காலையில் சேலை கட்டி, காட்பாடிக்குப் போய், நாற்பது பிள்ளைகள் "குட் மார்னிங் மிஸ்" என்று எழுந்து நிற்க, மாதம் பிறந்தால் தன் கணக்கில் சம்பளம் விழ இருந்தவள். இப்போது பால் வாங்கவும் இன்னொருவர் கார்டு. இதை யாரும் இழவு என்று சொல்வதில்லை, விசாரிக்கவும் வருவதில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, "உனக்கு வகுப்பறை ஞாபகம் வருமில்ல?" என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்.

கத்திரிக்காய்க்கும் இதே கதைதான். பழைய கை, பழைய பக்குவம், அப்படியும் குழம்பு வேறாக வந்தால், தனக்குத் தெரிந்த ஒன்றுகூட இங்கே செல்லாது போலிருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றும். அந்த நொடியில்தான் உங்களுக்குப் போன் வந்தது. சிரித்ததற்கு ஒரு வரி எழுதிவிடுங்கள், நீளமாக மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம்.

இனி எதை எழுதுவது என்று கேட்டால், எழுதாமல் விட்டதைத்தான். எனக்கு எழுதினீர்களே, தறிச் சத்தம். பயந்துவிடுவாள் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் பிறந்ததிலிருந்து பார்க்கிற அம்மா அந்த வீட்டை ஆளுகிற அம்மா. அந்த அம்மாவும் அதே வீட்டில் மூன்று மாதம் ஒளிந்து அழுதாள் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. எங்கே உட்கார்ந்து அழுதீர்கள், யார் கண்ணில் பட்டுவிடுமோ என்று முகத்தை எதில் துடைத்தீர்கள், அந்த வீட்டில் முதலில் உங்களிடம் நல்ல வார்த்தை பேசியது யார், எல்லாம் எழுதுங்கள். ஆடி மாதக் கதையையும் எழுதுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிட வேண்டும். "அதனால நீயும் பழகிடுவே" என்று சேர்த்தால் கதை புத்திமதி ஆகிவிடும். "நாங்க போன் கூட இல்லாம இருந்தோம்" என்பதும் கூடாது. உங்களுக்கு போளூர் போக வேலூரில் ஒரு பஸ் மாறினால் போதும், அவளால் ஆடிக்கு வர முடியாது. இரண்டும் ஒன்றல்ல என்று நீங்களே சொல்லிவிட்டால் அவள் சண்டை போடாமல் படிப்பாள்.

ஒரு மாதிரிக்கு இப்படி:

"கண்ணு, கத்திரிக்காய்க்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது. அன்னிக்கு ராத்திரி பூரா அதே ஞாபகம். நான் இந்த வீட்டுக்கு வந்த புதுசுல தறிச் சத்தத்துக்குப் பயந்து அழுதிருக்கேன், உங்கப்பாவுக்கே தெரியாது. உனக்கு அழுகை வந்தா அழு. என்கிட்ட அழணும்னாலும் அழு, எனக்கு ஒண்ணும் ஆகாது. ராத்திரி ரெண்டு மணின்னாலும் போன் பண்ணு, தூக்கம் போனா பகல்ல தூங்கிக்கிறேன். அங்க இருக்கறதும் உன் வீடு, இதுவும் உன் வீடுதான். எப்ப வரணும்னு தோணினாலும் காரணம் சொல்லாம வரலாம்."

கடைசி வரியைப் பல தாய்மார்கள் எழுதத் தயங்குகிறார்கள். இடம் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவாளோ, ஊர் என்ன சொல்லுமோ என்ற பயம். நான் பார்த்தவரை, கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்த பெண்கள்தான் போன இடத்தில் நிதானமாக நிற்கிறார்கள்.

இதெல்லாம் அவளுக்கு இருப்பது வெறும் ஊர் ஏக்கம் என்றால். ஏக்கம் அலை மாதிரி வரும், போகும். காலையில் அழுதவள் மாலையில் பனியில் வழுக்கி விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே இருக்கிறது, பிடித்த எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் சாப்பாடும் கெட்டுப்போகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். கடிதத்தால் தீராது, அங்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் காத்திருக்கக் கூடாது. அமெரிக்காவில் 988 என்ற எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு, சொல்லவே சங்கடமாக இருக்கிறது. எப்போது பேசினாலும் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார், பதில் ஒற்றை வார்த்தையில் வருகிறது, பாஸ்போர்ட் அவள் கையில் இல்லை, போனை வேறு யாரோ பார்க்கிறார்கள் என்றால் அது ஏக்கமோ நோயோ இல்லை. "பாஸ்போர்ட் உன்கிட்டதானே இருக்கு?" என்று ஆமாம், இல்லை என்று சொல்லும்படி போனில் கேளுங்கள். கடிதத்தில் இதை எழுதாதீர்கள், அதை யார் வேண்டுமானாலும் பிரிக்கலாம். அங்கே குடும்ப வன்முறை உதவி எண் 1-800-799-7233. நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தாலும் ஒரு முறை கேட்டுவிடுங்கள்.

உங்களுக்கே தூக்கம் வரவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் 14416, டெலி-மானஸ். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கடிதம் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகலாம். சேர்ந்த பிறகு "படிச்சியா? அழுதியா?" என்று போனில் கேட்காதீர்கள். அவளாக எடுத்தால் பேசுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு என்ன குழம்பு என்று கேளுங்கள், கத்திரிக்காய் என்றாலும் சிரிக்காமல்.